ஆன நேரத்துக்கு ஒரு கட்டம்

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன செமஸ்டரில் பாதி அசைன்மென்ட்டுகளைக் கெடு தாண்டித்தான் கொடுத்தேன். பாடம் புரியாமல் இல்லை. கெடு எப்போது என்பதும் நன்றாகவே தெரியும். ஆனாலும் கடைசி இரவில்தான் உட்காருகிறேன். வாரத் திட்டம் போடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். நான்கு முறை போட்டுப் பார்த்தேன், மூன்றாம் நாளுக்கு மேல் ஒன்றுகூட நிற்கவில்லை. சும்மா திரிந்த மாணவன் ஒரு வாரத் திட்டத்தால் மாறிவிட்டான் என்பதெல்லாம் கதையில் மட்டும்தான் நடக்குமா? நிஜத்தில் அப்படி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

பதில்:

பார்த்திருக்கிறேன். ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். சம்மதம் கேட்டுக்கொண்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டுத்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம், "தம்பி" என்றே வைத்துக்கொள்வோம். மாணவர் ஆலோசகராக நான் பார்த்தவர்களில் அவன் ஒன்றும் விசேஷமானவன் இல்லை. அவனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவனும் உங்களைப் போலவே திட்டம் போட்டுத் தோற்றுவிட்டுத்தான் என்னிடம் வந்தான்.

முதல் நாள் ஒரு பெரிய அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். மேசைமேல் விரித்தான். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை, ஏழு நாளும், ஐந்து நிறப் பேனாக்களால் நிரப்பியிருந்தான். உடற்பயிற்சி, பாடம், அசைன்மென்ட், மறுபடி பாடம். அரை மணி நேரம்கூடச் சும்மா இல்லை. கூட்டிப் பார்த்தேன். வகுப்பு போக வாரத்துக்கு 30 மணி நேரம் படிப்புக்கு என்று போட்டிருந்தான்.

"எந்தக் கிழமை வரைக்கும் ஓடியது?" என்று கேட்டேன்.

"செவ்வாய் மேடம்."

"செவ்வாய் எத்தனை மணிக்கு நின்றது?"

யோசித்தான். "காலை ஐந்து மணிக்கே. எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கட்டம் போய்விட்டது. அப்புறம் எப்படி?"

அந்த "அப்புறம் எப்படி"யில்தான் விஷயம் இருக்கிறது. அவன் திட்டத்தில் ஒரு கட்டம் தவறினால் அது போய் உட்கார வேறு இடமே கிடையாது. செவ்வாய்க்கிழமை தவறியது புதன்கிழமையைத் தள்ளும், புதன் வியாழனைத் தள்ளும். இரண்டு நாளில் அட்டை வேறொரு ஆளின் அட்டை மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். கிழித்துப்போட்டுவிட்டு அடுத்த திங்கள்கிழமை புதிதாக ஒன்று வரைவோம். நீங்கள் போட்ட நான்கும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் அவனுக்குப் புதுத் திட்டம் எதுவும் போட்டுக் கொடுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து வாரத்தின் 168 மணி நேரத்தையும் கணக்குப் பண்ணச் சொன்னேன். தூக்கம் நாளுக்கு எட்டு மணி வீதம் 56. வகுப்பு 30. போகவர 10. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை என்று நாளுக்கு மூன்று மணி வீதம் 21. மொத்தம் 117. மிச்சம் 51.

"ஐம்பத்தொரு மணி நேரமா!" என்று அவனே அதிர்ந்துபோனான். சரி, அந்த 51-இல் களைத்துப்போகாமல், யாரும் கூப்பிடாமல், தொடர்ந்து இரண்டு மணி நேரம் உட்கார முடிகிற இடங்களை மட்டும் வட்டம் போடு என்றேன். வட்டம் போட்டு முடித்தபோது ஏழுதான் தேறியது. திங்கள் முதல் வியாழன் வரை மாலையில் ஒவ்வொன்று, சனிக்கிழமை காலை ஒன்று, மதியம் ஒன்று, ஞாயிறு காலை ஒன்று. ஆக 14 மணி நேரம். மீதி நேரம் அரை மணி, இருபது நிமிஷம் என்று சிதறிக் கிடந்தது. இல்லாவிட்டால் வகுப்பு முடிந்து தலை கனக்கும் நேரமாக இருந்தது. குறிப்புகளைப் புரட்ட அது போதும். கட்டுரை எழுத உதவாது.

14 மணி நேரம் இருக்கிற இடத்தில் 30 மணி நேரத்தைத் திணித்துவிட்டு, நடக்காததற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தான். சோம்பேறித்தனம் அவனிடம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த அட்டையை உலகத்திலேயே சுறுசுறுப்பான ஆளிடம் கொடுத்திருந்தாலும் அதே செவ்வாய்க்கிழமைதான் நின்றிருக்கும்.

இதற்கு அடுத்து நாங்கள் செய்த வேலை பார்க்க அலுப்பாக இருக்கும். ஆனால் அவனை மாற்றியது அதுதான். ஒரு சின்ன நோட்டில் மூன்று பத்தி போடச் சொன்னேன். வேலை, நினைத்த நேரம், ஆன நேரம். ஒரு வேலையைத் தொடங்குவதற்கு முன் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுத வேண்டும். முடிந்ததும் உண்மையில் எவ்வளவு ஆனது என்று எழுத வேண்டும். மூன்று வாரத்துக்கு வேறு எந்த மாற்றமும் வேண்டாம், கெடு தாண்டினாலும் தாண்டட்டும், எழுது, போதும் என்றேன். அவனுக்கு ஏமாற்றம். மாறுவதற்கு வந்தவனை உட்கார வைத்துக் கணக்கு எழுதச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

மூன்று வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தான். 1500 சொல் கட்டுரை ஒன்றுக்கு 5 மணி நேரம் என்று நினைத்திருந்தான், 11 ஆகியிருந்தது. ஆய்வக அறிக்கைக்கு 1 மணி நேரம் என்று நினைத்தது 2 ஆகியிருந்தது. கணக்குப் பயிற்சித் தாள் மட்டும் பரவாயில்லை, 3 என்று நினைத்தது 4.

அந்த 11 மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தோம். படிக்க மூன்றரை, எதை எங்கே சொல்வது என்று குறிப்பு போட 1, எழுத 4, திருத்த ஒன்றரை, மேற்கோள்களைச் சரிபார்த்து வடிவம் கொடுத்துக் கோப்பை ஏற்ற 1. கட்டுரைக்கு ஐந்து மணி நேரம் என்று அவன் சொன்னபோது மனதில் இருந்தது அந்த நடு 4 மட்டும்தான். எழுதுவது மட்டும்தான் அவனுக்கு வேலையாகத் தோன்றியது. அதற்கு முன்னும் பின்னும் இருப்பது தானாக நடந்துவிடும் என்று நினைத்திருந்தான்.

இது அவனுடைய தனிக்குறை அல்ல. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இந்தக் கோளாறுக்கு ஒரு பெயரே வைத்தார்கள். திட்டமிடல் மாயை என்று தமிழில் சொல்லலாம். 1994-இல் ரோஜர் பியூலரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கு மேல். ரொம்ப மோசமாகப் போனால் இவ்வளவுதான் என்று அவர்கள் நினைத்த கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது. நாளைய வேலையை மனதில் ஓட்டிப் பார்க்கும்போது அது எப்போதும் தடையில்லாமல்தான் ஓடும். போன முறை எவ்வளவு ஆனது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றாது. "ஆன நேரம்" என்ற பத்தி அதைப் பார்க்க வைக்கிறது.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு. எழுதுகிற வேலை எதுவானாலும் நான் நினைப்பதைப்போல ஒன்றரை மடங்கு ஆகும். இது தெரிந்திருந்தும் இந்தப் பதிலை ஒரு நாள் தாமதமாகத்தான் அனுப்புகிறேன்.

தம்பிக்கு இப்போது தன்னுடைய மடங்கு தெரிந்துவிட்டது. எழுதும் வேலைக்கு இரண்டு மடங்கும் கொஞ்சமும், கணக்கு வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதன் பிறகுதான் வாரத் திட்டத்துக்கு வந்தோம்.

ஞாயிறு மாலை அரை மணி நேரம். முதலில், அடுத்த மூன்று வாரத்துக்குள் வரும் கெடுக்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒரு வாரத்துக்கு மட்டும் பார்த்தால் பயன் இல்லை. ஏன் என்பது கீழே தானாகத் தெரியும். பிறகு ஒவ்வொன்றுக்கும் நினைத்த நேரத்தைப் போட்டு, தன் மடங்கால் பெருக்கி, ஏழு வட்டங்களில் ஐந்தை மட்டும் நிரப்ப வேண்டும். வியாழன் மாலையும் சனி மதியமும் காலியாகவே இருக்க வேண்டும். தவறிய வேலை போய் உட்காருவதற்கான இடம் அது. வெள்ளிக்கிழமை மாலையில் வட்டமே கிடையாது, அது அவனுடையது. கடைசியாக, ஆசிரியர் சொன்ன கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் தன் கெடுவைக் குறிக்க வேண்டும்.

காலி இடத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தான். "ஏற்கெனவே 14 மணி நேரம்தான், அதிலும் நான்கை வீணாக்கணுமா மேடம்?" இந்தக் கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் முன் மூன்று வேலைகள் இருந்தன. ஆய்வக அறிக்கை, அதே வாரம் வியாழன். பயிற்சித் தாள், அடுத்த வாரம் திங்கள். இன்னொரு 1500 சொல் கட்டுரை, அடுத்த வாரம் வெள்ளி மாலை ஐந்து மணி. பழைய தம்பியாக இருந்தால் மூன்றுக்கும் சேர்த்து 9 மணி நேரம் என்பான், கட்டுரைக்கு இன்னும் 12 நாள் இருக்கிறதே என்று அதைப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டான். நோட்டைப் பார்த்து எழுதியபோது 2, 4, 11 என்று 17 மணி நேரம் வந்தது.

இப்போது வட்டங்களை எண்ணினோம். இந்த வாரம் நிரப்பக்கூடியவை ஐந்து, 10 மணி நேரம். அடுத்த வாரம் அவனுடைய சொந்தக் கெடுவான புதன் வரை மூன்று வட்டம், 6 மணி நேரம். மொத்தம் 16. வேலையோ 17. ஒரு மணி நேரம் இடித்தது.

அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ போன செமஸ்டர் கட்டுரையெல்லாம்…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். அவன் முடிக்காததை நான் முடிக்கிறேன். அந்தக் கட்டுரைகள் எல்லாம் கெடுவுக்குப் பத்து நாள் முன்பே தாமதமாகிவிட்டவை. கடைசி வாரத்தில் அவனிடம் இருந்த வட்டங்களில் 11 மணி நேர வேலைக்கும் மற்ற வேலைகளுக்கும் சேர்த்து இடமே கிடையாது. கடைசி இரவில் உட்கார்ந்ததைத்தான் தப்பு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கெடு எப்போது என்பது அவனுக்கு எப்போதும் தெரிந்திருந்தது, எப்போது தொடங்க வேண்டும் என்பது ஒருநாளும் தெரிந்ததில்லை. மூன்று வாரத்தை முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, 17 மணி நேரத்தையும் அடுக்கினோம். திங்கள் மாலை அறிக்கை. செவ்வாயும் புதனும் பயிற்சித் தாள். சனி காலையில் கட்டுரை தொடங்கி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். இடிக்கிற ஒரு மணி நேரத்துக்குச் சனி மதியக் காலி வட்டத்தில் பாதி.

திங்கள் நன்றாகப் போனது. செவ்வாய் மாலை வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், வட்டம் முழுவதும் பறிபோனது. பழைய அட்டை செத்த அதே செவ்வாய்க்கிழமை. இந்த முறை அவன் செய்தது ஒன்றே ஒன்று. அந்த இரண்டு மணி நேர வேலையின் மேல் ஓர் அம்புக்குறி போட்டு வியாழக்கிழமை காலி வட்டத்துக்கு இழுத்தான். புதன்கிழமையைத் தொடவில்லை. தவறியது அடுத்த நாளுக்குப் போகக் கூடாது, காலி இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பதை நாங்கள் விதியாகவே வைத்திருந்தோம். வியாழன் இரவு பயிற்சித் தாள் முடிந்துவிட்டது. காலி வட்டம் வீணா என்று கேட்டவன் அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை வேறு மாதிரி சிக்கல். காலையில் சொன்ன நேரத்துக்கு உட்கார்ந்தான். மேசை சுத்தமாக இருந்தது, கைப்பேசி அடுத்த அறையில் இருந்தது. ஆனால் நாற்பது நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பென்சில் சீவினான், கோப்புறைகளுக்குப் பெயர் மாற்றினான். அன்றைய வட்டத்தில் என்ன எழுதியிருந்தாய் என்று பிறகு கேட்டேன். "கட்டுரை ஆரம்பிக்கணும்" என்று எழுதியிருக்கிறான்.

அது வேலையே இல்லை, ஆசை. கை எங்கே போக வேண்டும் என்று அதில் இல்லை. நாற்பது நிமிஷம் கழித்து அவனே அதை அடித்துவிட்டு, "ஆசிரியர் கொடுத்த மூன்று கட்டுரைகளில் முதலாவதைப் படித்து, ஐந்து வரிக் குறிப்பு எழுது" என்று மாற்றியிருக்கிறான். உடனே ஓடியது. வட்டத்துக்குள் எழுதும் வரியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வேலை முடிந்தது என்று இன்னொருவருக்குக் காட்ட முடியுமா? ஐந்து வரிக் குறிப்பைக் காட்டலாம். "ஆரம்பித்ததை" எப்படிக் காட்டுவது?

எங்கே, எப்போது என்பதையும் அதே வரியில் எழுதினால் இன்னும் நல்லது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டருடன் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்குப் பிடிக்கும். விடுமுறையில் பண்டிகை நாள் முடிந்து இரண்டு நாளுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். ஒரு பாதியினரிடம் மட்டும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் நாலில் மூன்று பேர் அளவுக்குக் கெடுவுக்குள் எழுதினார்கள், மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் எழுதினார்கள். விடுமுறையில் வீட்டில் இருக்கும் மாணவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சனி காலையில் போன நாற்பது நிமிஷத்தை மதியக் காலி வட்டம் விழுங்கிக்கொண்டது. புதன் இரவு கட்டுரை முடிந்தது. வியாழன் காலை ஒருமுறை வாசித்துவிட்டுக் கோப்பை ஏற்றினான். கெடுவுக்கு ஒரு நாளுக்கு மேல் மிச்சம். எனக்கு அவன் அனுப்பிய செய்தியில் கொண்டாட்டம் எல்லாம் இல்லை. "நினைத்தது 11, ஆனது 11.20" என்று மட்டும் இருந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஞாயிறு தாளே எழுதவில்லை, அந்த இரண்டு வாரமும் பழைய வாரங்கள் மாதிரியே போயின. இடைத்தேர்வு வாரத்தில் வட்டங்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தான். திரும்பி வருவதற்கு அவனுக்கு ஐந்து நிறப் பேனா தேவைப்படவில்லை, அரை மணி நேரமும் ஒரு தாளும் போதுமாக இருந்தது. செமஸ்டர் முடியும்வரை எட்டு வேலைகள் கொடுக்க வேண்டியிருந்தது. ஏழு கெடுவுக்குள் போயின.

எட்டாவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு மாலை வட்டங்களை எண்ணியபோது, மூன்று பாட வேலைகள் ஒரே வாரத்தில் வந்து விழுந்திருந்தன. காலி வட்டங்களையும் சேர்த்தாலும் 5 மணி நேரம் குறைந்தது. முன்பெல்லாம் இது கெடு நாள் இரவு பதினொரு மணிக்குத்தான் அவனுக்குத் தெரியவரும். இப்போது ஐந்து நாள் முன்னால் தெரிந்துவிட்டது. அன்றைக்கே அந்தப் பாட ஆசிரியருக்கு எழுதினான். இந்த வாரம் இந்த மூன்று வேலைகள் இருக்கின்றன, உங்கள் பகுதியில் இவ்வளவு முடித்திருக்கிறேன், இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தால் முழுமையாகக் கொடுக்க முடியும் என்று நான்கே வரி. கிடைத்தது. எல்லா ஆசிரியரும் கொடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, சில பாடங்களில் விதியே இடம் கொடுக்காது. ஆனால் கெடு முடிந்த பிறகு சொல்லும் காரணத்துக்கும், ஐந்து நாள் முன்னால் கேட்கும் கேள்விக்கும் கேட்கிறவர் காதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் பாடம் புரிகிறது என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவும் சொன்னேன். எல்லாத் தாமதத்துக்கும் இந்தத் தாள் மருந்து ஆகாது. நான்கைந்து வாரம் எழுதிப் பார்த்தாலே நோட்டு உங்களுக்குக் காட்டிவிடும். ஒரே ஒரு பாடத்தின் வட்டங்கள் மட்டும் திரும்பத் திரும்பத் தவறுகின்றன, மற்றவை ஓடுகின்றன என்றால், சிக்கல் அந்தப் பாடத்தில் இருக்கிறது. எங்கோ ஓர் அடிப்படை விட்டுப்போயிருக்கும், அல்லது அந்த ஆசிரியரிடம் பயம் இருக்கும். அதற்குத் திட்டம் போட்டுப் பயன் இல்லை, அந்தப் பாடத்தில் யாரிடமாவது உதவி கேட்க வேண்டும். வேலையை முடித்து வைத்துவிட்டு, போதாது, போதாது என்று கொடுக்காமலே வைத்திருக்கிறீர்கள் என்றால் அதுவும் நேரக் கணக்கில் சேராது. அதற்கு வேறொரு பேச்சு வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காமல், பொருட்களைத் தொலைத்துக்கொண்டு, வரியைச் சின்னதாக்கி எழுதியும் உட்கார முடியவில்லை என்றால் கவனக்குறைபாட்டுக்காக ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. சில வாரங்களாகத் தூக்கம் கெட்டு, முன்பு பிடித்தவையும் பிடிக்காமல் போயிருந்தால் அதற்கும் அப்படித்தான். அந்த நிலையில் இருக்கிறவர் கையில் திட்டத்தாளைக் கொடுத்தால், தன்னைத் திட்டிக்கொள்ள அவருக்கு இன்னொரு காரணம் கிடைத்ததாகத்தான் ஆகும்.

உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்றால் இந்த ஞாயிறு திட்டம் போடாதீர்கள். நோட்டில் மூன்று பத்தி மட்டும் போடுங்கள். மூன்று வாரம் நினைத்த நேரமும் ஆன நேரமும் எழுதுங்கள். கெடு தாண்டினால் அதையும் எழுதுங்கள், திருத்திக்கொள்ள முயல வேண்டாம். வேலை முடிந்த உடனே எழுத வேண்டும். ராத்திரி மொத்தமாக நினைவிலிருந்து எழுதினால் ஆன நேரமும் நினைத்த நேரத்தைப் போலவே சுருங்கிவிடும். நான்காவது ஞாயிறு உங்கள் வட்டங்களை எண்ணுங்கள். ஏழு வர வேண்டும் என்பதில்லை, வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கிறவர்களுக்கு நான்குதான் வந்திருக்கிறது. எத்தனை வந்தாலும் அதில் ஒன்றையாவது காலியாக விடுங்கள்.

அப்புறம், உங்கள் மடங்கு எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தம்பியுடையது கட்டுரைக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. இதுவரை நான் பார்த்ததில் பெரியது நான்கு. அதை எழுதி அனுப்பியவர் ஓர் ஆசிரியர்.